இரவு ஒரு மணிக்குத்தான் வருவன்

ரொறன்ரோவுக்கு வந்து நான் நிலைச்சு நிண்டு பார்த்த முதல் வேலை ஒரு ஹொஸ்ரலிலை. ஹொஸ்ரல் எண்டவுடனை பள்ளிக்கூடப் பிள்ளையள் தங்கிற இடம் எண்டு நினைக்காதேங்கோ. முதுகிலை பையைக் கொழுவிக்கொண்டு ஊர் சுத்திற பெடி பெட்டையளும், ஹோட்டலுக்குக் குடுக்க வசதியில்லாத சனமும் ஒரு இரவு, ரண்டு இரவு படுத்தெழும்பிற வீடு அது. நகரத்துக்கு நடுவிலை பழைய மூண்டு மாடி வீடு. காலமை ஸ்காபரோவிலையிருந்து பஸ்ஸும் சப்வேயும் பிடிச்சுப் போய், விரிப்பு மாத்தி, குசினி கழுவி, ரெலிபோன் எடுத்து, வாற ஆக்களின்ரை பேரைப் பதிஞ்சுபோட்டு, பின்னேரம் வீட்டை வந்திடுவன். தொண்ணூறுகளின்ரை கடைசிப் பக்கம் நடந்த கதை இது.

முதலாளி தனி ஆள். இஞ்சையே பிறந்து வளந்த வெள்ளைக்காரன், வயது போனவர், தங்கமான மனுசன். ஆனால் காது மந்தம். அவரிட்டை ஒரு கண்டறியாத சட்டம் இருந்தது. இரவு பதினொண்டு அடிச்சால் முன்கதவைப் பூட்டி, வாசல் மணியையும் நிப்பாட்டி, காதிலை போடுற மெஷினைக் கழட்டி வைச்சிட்டுப் பின்னறையிலை படுத்திடுவார். குடிச்சுப்போட்டு வாறவங்கள் விடியுமட்டும் மணி அடிக்கிறாங்கள் எண்டுதான் அந்தச் சட்டம். ஆனால் ஒரு ஆள் முன்கூட்டியே, ‘நான் பிந்தி வருவன்’ எண்டு சொல்லிப்போட்டால் கதை வேறை. எத்தினை மணியெண்டாலும் முன்னறையிலை லைற்றைப் போட்டுக்கொண்டு, கதிரையிலை குந்தியிருந்து கதவைத் திறந்து விடுவார். தேத்தண்ணியும் போட்டுக் குடுப்பார். சொன்னால் தேத்தண்ணி, சொல்லாட்டில் தெரு. அவ்வளவுதான்.

அது மாசிப் பனி. வெள்ளிக்கிழமை காலமை நான் குசினிக்குள்ளை நிக்கேக்கை ஃபக்ஸ் மெஷின் கத்திச்சுது. போய்ப் பார்த்தால் கையாலை எழுதின நாலு வரி. ஒரு சொல்லும் விளங்கேல்லை. அந்த நாலு வரி எனக்கு இண்டைக்கும் பாடம்.

Poštovani, let mi kasni. Stižem noćas tek oko jedan sat. Molim Vas, pričekajte me ili mi ostavite ključ. Nikoga ne poznajem u Torontu. Hvala.

இதின்ரை கருத்து எனக்குத் தெரிய வந்தது அடுத்தநாள். ‘ஐயா, என்ரை பிளேன் பிந்துது. இண்டைக்கு இரவு ஒரு மணிக்குத்தான் வருவன். தயவு செய்து எனக்காகக் காத்திருங்கோ, இல்லாட்டில் கதவுத் திறப்பை எங்கையாவது வைச்சு விடுங்கோ. ரொறன்ரோவிலை எனக்கு ஒருத்தரையும் தெரியாது. நன்றி.’ அண்டைக்கு அதிலை எங்களுக்குப் பிடிபட்டது ரொறன்ரோ எண்ட சொல்லும், கீழையிருந்த பேரும், பேருக்குக் கீழை எழுதியிருந்த ஒரு ஊரும்தான்.

அந்தப் பேர் எங்கடை பதிவிலை இருந்தது. வடக்கை எங்கையோ தூர ஒரு சின்ன ரவுணிலை படிக்கிற பெட்டை ஒண்டு ஒரு கிழமைக்கு முன்னம் ரெலிபோன் எடுத்து, தன்ரை தாய் குரோவேசியாவிலையிருந்து வெள்ளிக்கிழமை பின்னேரம் வாறா, ஒரு இரவு மட்டும் வைச்சிருங்கோ, சனிக்கிழமை மத்தியானம் நான் பஸ்ஸிலை வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லியிருந்தது. தாய்க்கு ஒரு சொல்லு இங்கிலீஷும் தெரியாதாம். பாவம் மனுசி, மகளுக்குத் தெரிஞ்ச பாசையிலை மகள் பதிஞ்சது, தனக்குத் தெரிஞ்ச பாசையிலை தான் எழுதியிருக்கிறா.

முதலாளி மகளின்ரை நம்பருக்கு அடிச்சுப் பார்த்தார். அடிச்சுக்கொண்டே இருந்தது. ரெலிபோன் புத்தகத்தைப் பிரட்டி அந்த நாட்டு ஆக்களின்ரை சேர்ச் ஒண்டுக்கு அடிச்சார். மெஷின்தான் கதைச்சுது. “வரேல்லை எண்டு எழுதியிருப்பா, அல்லது வாறன் எண்டு எழுதியிருப்பா. வந்தால் கட்டில் இருக்கு,” எண்டு சொல்லிப்போட்டு அவர் பனி வழிக்கப் போயிட்டார். எனக்கெண்டால் மனம் ஆறேல்லை. வாறதுக்கும் வராததுக்கும் ஒருத்தி ஏன் நாலு வரி எழுத வேணும்?

அப்பதான் எனக்கு ‘மூளை’ வேலை செய்தது. நாங்கள் பாண் வாங்கிற பேக்கரிக்காரர் யூகோஸ்லாவியாக்காரர். தெருவுக்கு அங்காலை, மூலைக் கடை. அதின்ரை யன்னலுக்குள்ளாலை பார்த்தால் எங்கடை வாசல் தெரியும். இரவிரவாப் பாண் சுட்டு, விடியப்பறம் தானே பெட்டியிலை கொண்டுவந்து தருவார். பெரிய உடம்பு, அளவான கதை. ஒருநாள் எந்த நாடு எண்டு கேட்டதுக்கு, யூகோஸ்லாவியா எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனவர். குரோவேசியாவும் அதுக்குள்ளைதானே இருந்தது, ஆள் கைக்குள்ளை இருக்க நாங்கள் ஏன் அந்தரப்படுறம் எண்டு முதலாளியிட்டைப் பெருமையாச் சொல்லிப்போட்டு, வேலை முடிஞ்சவுடனை ஃபக்ஸை மடிச்சுக்கொண்டு போனன்.

கடை பூட்டுற நேரம். மேசை துடைச்சுக்கொண்டு நிண்டார். கடுதாசியை நீட்டி, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஒருக்கால் சொல்லுங்கோ எண்டன். வாங்கினார். நான் அவரின்ரை கண்ணைத்தான் பார்த்துக்கொண்டு நிண்டன். கண் இடமிருந்து வலம் போச்சுது. பேந்து அடுத்த வரி. பேந்து அடுத்தது. கீழை ஊர்ப் பேரிலை போய் நிண்டுது. நிண்டது நிண்டதுதான். பேயறைஞ்ச மாதிரிப் போச்சு முகம். பேந்து கடுதாசியை மடிச்சு என்ரை கையிலை வைச்சார்.

“இது என்ரை பாசை இல்லை,” எண்டார்.

ஒரு மனுசன் தெரியாத எழுத்தை அப்பிடிப் பார்க்க மாட்டான். தெரியாத எழுத்தைப் பார்க்கிறவன் ஒருக்காப் பார்த்துத் தலையாட்டுவான். இந்த மனுசன் முதல் எழுத்திலையிருந்து கடைசி எழுத்து மட்டும் வாசிச்சுப்போட்டு, என்ரை முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்லுது. ஒரு ஊருக்குப் புதுசா வாற பொம்பிளையின்ரை அலுவல், கொஞ்சம் பாருங்கோ எண்டன். அவர் திரும்பி விளக்கை நூத்துப்போட்டார். நான் கதவை அடிச்சுச் சாத்திக்கொண்டு வெளியிலை வந்தன். சப்வேயடியிலை இருந்த ரெலிபோன் பெட்டியிலையிருந்து முதலாளிக்கு அடிச்சு, அந்தாளுக்குத் தெரியாதாம் எண்டன். பரவாயில்லை, பதினொண்டுக்கு முன்னம் வந்தால் கதவு திறந்திருக்கும் எண்டார் அவர்.

வீட்டை வந்தும் என்ரை வாய் ஓயேல்லை. சோத்தைப் போட்டுக்கொண்டே என்ரை புருசனிட்டை அந்தாளைத் திட்டினன். வாசிக்கத் தெரிஞ்சுகொண்டு தெரியாதெண்டு சொல்லுறவன் என்ன மனுசன் எண்டு கேட்டன். என்ரை மனுசன் நிமிந்தும் பாராமல், “நீரும் இதைத்தானே சொன்னனீர்,” எண்டார்.

சரிதான். போன வருஷம் முதலாளி உடுப்புக் கழுவுறதைப் பற்றி ஆரோ சிங்களத்திலை எழுதின ஒரு துண்டைக் கொண்டுவந்து, நீ சிறிலங்காதானே, இதை வாசி எண்டு நீட்டினவர். கொழும்பிலை ஆறு வருஷம் வேலை செய்த எனக்கு அது தண்ணி பட்ட பாடு. இருந்தும் நான் கடுதாசியைத் தள்ளி வைச்சு, இது என்ரை பாசை இல்லை எண்டனான். அதே சொல்லு. அண்டைக்கு வீட்டை வந்து அதை மனுசனுக்குப் பெரிய கெட்டித்தனமாச் சொன்னதும் நான்தான். கொழும்பிலை பஸ்ஸுக்குள்ளை வாயைத் திறந்தால் ஆரெண்டு தெரிஞ்சிடும் எண்டு ஊமை மாதிரிப் போய்வந்த நாளெல்லாம் எனக்கு மறந்தே போனதே? உலகத்திலை வேறை ஆர் இந்தப் பிழையை விட்டாலும் நான் விடக்கூடாது. ஒரு நாடு எண்டதுக்காக அந்தாளிட்டைக் கொண்டுபோய் நீட்டினனே, விசரி.

ஆனாலும் கோவம் போகேல்லை. என்ரை துண்டு வெறும் உடுப்புக் கழுவுற விசயம். இது ஒரு பொம்பிளையின்ரை அலுவல்.

சனிக்கிழமை காலமை நான் போய்ச் சேர, முன்னிரவிலை கொட்டின பனி நிண்டு, தெரு வெள்ளைச் சீலை விரிச்ச மாதிரிக் கிடந்தது. முகத்திலை குளிர் ஊசி குத்துது. ஹொஸ்ரல் படியடியிலை வந்து நிண்டன்.

படியிலை சப்பாத்து அடி. சின்ன அடி, பொம்பிளையின்ரை. பக்கத்திலை சூட்கேஸ் சில்லு இழுபட்ட ரண்டு கோடு. கதவு மட்டும் போயிருக்கு. கதவடியிலை பனி சப்பிளிஞ்சு கிடந்தது. ஒரு ஆள் ஒரே இடத்திலை நிண்டு நிண்டு கால் மாத்தினால் எப்பிடி இருக்கும், அப்பிடி. கதவின்ரை கீழ்ப்பக்கம் சப்பாத்தாலை தட்டின கறை. ஐயோ கடவுளே, வந்திருக்கிறா. வந்து தட்டியிருக்கிறா. மணி அடிச்சிருக்கிறா, மணிதான் செத்துக் கிடந்ததே.

உள்ளை ஓடிப்போய்க் கேட்டன். முதலாளி கோப்பி ஊத்திக்கொண்டு நிண்டார். ஒருத்தரும் வரேல்லை எண்டார். மேல்மாடியிலை படுத்த ரண்டு பெடியள், ஆரோ கதவிலை அடிச்ச சத்தம் கேட்டது, குடிகாரன் எண்டு நினைச்சம் எண்டாங்கள். முதல்நாள் இரவு குளிர் எப்பிடிக் குளிர் எண்டு எனக்குத் தெரியும். அந்தக் குளிரிலை வெளியிலை ஒரு இரவு நிண்ட ஆளைக் காலமை எழுப்பேலாது. முதலாளியின்ரை முகத்திலை இரத்தம் இல்லை. ரெலிபோனைக் கையிலை எடுத்து, பொலிசுக்கு அடிக்கட்டோ எண்டு கேட்டார்.

நான் திரும்ப வெளியிலை ஓடினன். அப்பதான் வடிவாப் பார்த்தன். சூட்கேஸ் கோடு படியாலை இறங்கிப் போகுது. சின்ன அடிக்குப் பக்கத்திலை இன்னொரு அடி, ஆம்பிளையின்ரை பெரிய அடி. ரண்டும் சேர்ந்து தெருவைக் கடக்குது. எனக்கு ஒரு பயம் போய் இன்னொரு பயம் வந்தது. ஆர் இந்தாள்? எங்கை கூட்டிக்கொண்டு போனவன்? அடியைப் பார்த்துப் பார்த்து நடந்தன். அடி மூலைக் கடையின்ரை பின்கதவிலை போய் நிண்டுது. அண்டைக்குப் பாண் பெட்டி வரேல்லை எண்டது அப்பதான் எனக்கு உறைச்சுது.

கதவைத் தள்ளினன். பாண் சுடுற போறணையடியிலை ஒரு மனுசி ஸ்ரூலிலை இருந்தா. அம்பது வயதிருக்கும். தோளைச் சுத்தி அவரின்ரை பெரிய ஜக்கெற். காலுக்கு ஒரு சாக்கு. சப்பாத்து போறணைக்குப் பக்கத்திலை காய்ஞ்சுகொண்டு இருந்தது. கையிலை கோப்பை. உயிரோடை இருக்கிறா.

பேக்கரிக்காரர் முதுகு காட்டிக்கொண்டு நிண்டு மாவை வெட்டிக்கொண்டிருந்தார். நான் எப்ப போனாலும் ஓடுற ரேடியோ கூட ஓடேல்லை. என்னைக் கண்டவுடனை விரலை வாயிலை வைச்சார். முன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், இடைக்கதவைச் சாத்திப்போட்டு, மெல்லிய குரலிலை இங்கிலீஷிலை சொன்னார். நாங்கள் வேறை ஆளைப் பிடிப்பம் எண்டு நினைச்சாராம். இந்தப் பட்டினத்திலை அந்தப் பாசைக்காரருக்குப் பஞ்சமே எண்டு நினைச்சாராம். மா குழைக்கேக்கை யன்னலாலை பார்த்தாராம். ஹொஸ்ரலிலை லைற் இல்லை. அப்பதான் ஒருத்தரும் வாசிக்கேல்லை எண்டு விளங்கிச்சுதாம். ஒரு மணி நெருங்க ஜக்கெற்றைத் தூக்கிக்கொண்டு போனாராம். அவ அப்பதான் வந்து கதவிலை தட்டத் தொடங்கியிருந்தாவாம். தானும் சேர்ந்து அடிச்சுப் பார்த்தாராம். பேந்து ஒரு பாணைக் காட்டி, கடையைக் காட்டி, சைகையாலை கூட்டிக்கொண்டு வந்தாராம்.

சைகையாலையோ எண்டு கேட்டன். நீங்கள் ஒரு சொல்லும் கதைக்கேல்லையோ?

“நாடு உடைஞ்ச சண்டையிலை அந்த ஊரிலை எங்கடை பக்கத்து ஆக்கள் செய்தது உங்களுக்குத் தெரியாது,” எண்டார். “நான் வாயைத் திறந்தால் நான் எந்தப் பக்கம் எண்டு அவவுக்குத் தெரிஞ்சிடும். அந்தக் குளிருக்குள்ளை திரும்பி ஓடியிருப்பா.”

நேற்றிரவு முழுக்க நான் திட்டித் தீர்த்த மனுசன். எத்தினை மணித்தியாலம் ரண்டு பேரும் ஒரே பாசையை வாய்க்குள்ளை வைச்சுக்கொண்டு, ஒரு அறைக்குள்ளை, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்திருக்கினம்.

மனுசியை ஹொஸ்ரலுக்குக் கூட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டன். அவ ஜக்கெற்றைக் கழட்டி வடிவா மடிச்சு ஸ்ரூலிலை வைச்சா. பேந்து நேரை அவருக்கு முன்னாலை போய் நிண்டா. மா ஒட்டின அவரின்ரை கையை ரண்டு கையாலையும் பிடிச்சு, முகத்தை நிமித்திப் பார்த்தா. கனநேரம் விடேல்லை. அவவும் ஒண்டும் சொல்லேல்லை. அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிண்டார். பாவம், இவ இந்தாளை ஊமை எண்டு நினைச்சிட்டா எண்டுதான் நான் நினைச்சன்.

முதலாளி அவவைக் கண்டு அழுதே போட்டார். தேத்தண்ணி போட்டுக் குடுக்கிறார், கம்பளி கொண்டுவாறார், மன்னிச்சுக்கொள்ளுங்கோ மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு சொல்லுறார், அவவுக்கு ஒண்டும் விளங்கேல்லை, சிரிக்கிறா. மத்தியானம் மகள் வந்து சேர்ந்தது. தாயும் மகளும் கட்டிப்பிடிச்சு அழுது முடிய, நான் ஃபக்ஸை எடுத்து நீட்டினன். மகள்தான் ஒவ்வொரு வரியாச் சொல்லிச்சுது. ‘எனக்காகக் காத்திருங்கோ’ எண்ட இடம் வர முதலாளி எழும்பிக் குசினிக்குள்ளை போயிட்டார்.

தாய் என்னவோ கேட்டா. மகள் எனக்குச் சொல்லிச்சுது, இதை உங்களுக்கு வாசிச்சுச் சொன்னது ஆர் எண்டு அம்மா கேக்கிறா எண்டு. ஒருத்தரும் வாசிக்கேல்லை, அதாலைதானே இந்த அநியாயம் நடந்தது எண்டன். தாய் என்னைப் பார்த்துத் தலையாட்டினா. பிறகு ஆறுதலா, மகளைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு கதைச்சா. மகளின்ரை முகம் மாறி மாறிப் போச்சு.

“அந்த மனுசன் சரியா ஒரு மணிக்கு, எனக்கெண்டு ஒரு ஜக்கெற்றோடை வந்தவர் எண்டு அம்மா சொல்லுறா. நான் வாற நேரத்தை இந்தக் கடுதாசியிலை மட்டும்தான் எழுதினனான், ஒரு பாசையிலைதான் எழுதினனான் எண்டு சொல்லுறா.”

தெரிஞ்சிருக்கு. வாசலிலை கண்ட அந்த நிமிசமே மனுசிக்குத் தெரிஞ்சிருக்கு. வாசிக்கத் தெரிஞ்ச ஆள் ஏன் வாய் திறக்கேல்லை எண்டதும் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகொண்டுதான் அந்தாளுக்குப் பின்னாலை தெருவைக் கடந்தவ. தெரிஞ்சுகொண்டுதான் விடியுமட்டும் அந்தாளின்ரை போறணையடியிலை இருந்தவ. அப்ப ஏன் கதைக்கேல்லை எண்டு கேட்டன். நான் ஒரு சொல்லுச் சொன்னால் அவர் மறுமொழி சொல்ல வேணும், பாண் தந்த மனுசனை அப்பிடி மாட்டிவிட எனக்கு மனம் வரேல்லை எண்டாவாம். எனக்குத் தெரியும் எண்டு அவருக்குச் சொல்லக்கூடாது எண்டு என்ரை கையிலை சத்தியமும் வாங்கினா. போற போக்கிலை இப்பிடியொரு பாரத்தை என்ரை தலையிலை வைச்சிட்டு, தாயும் மகளும் பின்னேரப் பஸ் ஏறிப் போயிட்டினம்.

திங்கட்கிழமை விடியப் பேக்கரிக்காரர் பாண் பெட்டியோடை வந்தார். பெட்டியைப் படியிலை வைச்சார், போகேல்லை. அந்த மனுசி என்னைப்பற்றி ஏதும் சொன்னவவோ எண்டு கேட்டார். என்ரை வாய்க்குள்ளை எல்லாம் வந்து நிக்குது. ‘ஒண்டும் இல்லை, உங்களைப் போர்த்துகீஸ்காரர் எண்டு நினைச்சுக்கொண்டு போயிட்டா’ எண்டன். இந்தப் பக்கத்திலை பாண் சுடுற ஆக்கள் கனபேர் போர்த்துகீஸ், நம்பக்கூடிய பொய்தான்.

அவர் பெரிசா ஒரு மூச்சு விட்டார். பேந்து தன்ரை வலக்கையைப் பார்த்தார்.

“போகேக்கை என்ரை கையைப் பிடிச்சவ,” எண்டார். “தெரிஞ்சிருந்தால் பிடிச்சிருக்க மாட்டா.”

நான் ஓம் எண்டன். ஓம் எண்டு சொல்லிப்போட்டு, பாண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள்ளை போய், ஆரும் காணாமல் நிண்டு அழுதன். அந்த மனுசியிலையும் கோவம், அந்தாளிலையும் கோவம், என்ரை சத்தியத்திலை எல்லாத்தையும் விடக் கோவம்.

அந்த ஹொஸ்ரலும் இப்ப இல்லை, பேக்கரியும் இல்லை. அவர் எங்கை இருக்கிறாரோ தெரியாது. சத்தியத்தை நான் இண்டைக்கும் மீறேல்லை. இதை அவருக்கு வாசிக்கத் தெரியாத பாசையிலைதான் எழுதியிருக்கிறன். ஆனால் வாசிக்கத் தெரிஞ்ச ஆள் ஆராவது அந்தாளைக் கண்டு, அவவுக்குத் தெரியும், தெரிஞ்சுதான் பிடிச்சவ எண்டு சொன்னால், நான் கோவிக்க மாட்டன்.